உயர் அதிகாரிகளையும் மேலாளர்களையும் நேர்காணல் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ எடுத்த முடிவு எப்படி உருவானது என்று ஆராய்கிறவர்களுக்காக எழுதியது இது. விளக்கத்துக்கு ஒரே ஒரு கற்பனைச் சூழலைத்தான் கடைசிவரை எடுத்துக்கொள்கிறோம். ஒரு குடிநீர் வாரியம் இரண்டு பகுதிகளில் சோதனையாக டிஜிட்டல் மீட்டர் பொருத்துகிறது. 18 மாதம் கழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் திட்டத்தை நிறுத்திவிடுகிறது. ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள வாரியத்தின் தலைமைப் பொறியாளரைச் சந்திக்க வேண்டும். கேட்கப்போகும் நேரம் 40 நிமிடம்.

எடுத்த எடுப்பிலேயே தலைமைப் பொறியாளருக்கு எழுதிவிடலாமா? இல்லை, கீழே இருப்பவர்களிடம் பேசிவிட்டுப் போக வேண்டுமா?

அனுமதி வாங்குவது ஒரு வேலை, நேர்காணல் எடுப்பது வேறொரு வேலை. அனுமதியை மேலிருந்து வாங்க வேண்டும். நேர்காணலைக் கீழிருந்து தொடங்க வேண்டும்.

படிநிலை இறுக்கமாக இருக்கும் அலுவலகத்தில், தலைவருக்குத் தெரியாமல் உதவிப் பொறியாளரிடம் பேசினால் இரண்டு பேருக்கும் சங்கடம். விஷயம் மேலே போனதும் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். அதனால் முதல் கடிதம் தலைவருக்குத்தான். “இன்னாரைச் சந்திக்க அனுமதி வேண்டும், அவர்களோடு பேசி முடித்தபின் தங்களையும் சந்திக்க விரும்புகிறேன்” என்று அதில் எழுதுங்கள்.

அவரை ஐந்தாவது அல்லது ஆறாவது ஆளாகச் சந்திப்பது நல்லது. அதற்குள் கூட்டக் குறிப்புகள், ஒப்பந்த அறிவிப்பு, ஆண்டறிக்கை எல்லாம் படித்து முடித்திருப்பீர்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது கையில் இருக்கும். கோப்பிலேயே கிடைக்கும் தகவலை அவரிடம் கேட்டால் பத்து நிமிடம் வீணாகும். தயாராகாமல் வந்தவர் என்ற எண்ணமும் அவருக்கு விழுந்துவிடும், அதன் பிறகு பேட்டியைக் கையில் எடுப்பது கடினம்.

ஓய்வு பெற்றவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு நேரம் இருக்கும், தயக்கமும் குறைவு. ஆனால் நினைவில் வருடங்கள் கலந்துவிடும். மூன்று கூட்டங்களில் நடந்ததை ஒரே கூட்டமாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் தேதியை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மேலே கொண்டுபோகாதீர்கள்.

கடிதத்தில் என்னதான் எழுதுவது?

ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். கடிதத்தை முதலில் படிப்பவர் அதிகாரி அல்ல, அவருடைய பி.ஏ. “இதை ஐயாவிடம் கொண்டுபோகலாமா, வேறு பிரிவுக்குத் தள்ளிவிடலாமா” என்று ஒரு நிமிடத்தில் அவர் முடிவு செய்துவிடுவார். இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம் வைத்தால் அது மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து ஒரு விளக்கப் புத்தகம் தபாலில் வரும்.

கடிதத்தின் உடல்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, குடிநீர் வாரியங்கள் புதிய தொழில்நுட்பத்தைச் சோதித்துப் பார்த்து முடிவெடுக்கும் முறையைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். தங்கள் வாரியத்தின் டிஜிட்டல் மீட்டர் சோதனைத் திட்டம் அதில் ஒரு முக்கியப் பகுதி. அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டுக் குழுவுக்குத் தாங்கள் தலைமை தாங்கியதால், குழு எதையெல்லாம் கணக்கில் எடுத்தது என்பதைத் தங்களிடமிருந்தே அறிய விரும்புகிறேன். 40 நிமிடம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். அடுத்த மாதம் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் எந்த நாளானாலும் தங்கள் அலுவலகத்துக்கு வர இயலும். தங்கள் பெயர் இடம்பெறலாமா, உரையாடலைப் பதிவு செய்யலாமா என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.”

“இவரிடம்தான் ஏன் கேட்க வேண்டும்” என்பதற்கான பதில்தான் இதில் அதிக வேலை செய்யும் வரி. “தங்கள் மேலான கருத்துகளை அறிய” என்று எழுதினால் அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், உடனே வேறொருவர் பெயர் குறிக்கப்படும். குழுத் தலைமை என்று குறிப்பாக எழுதினால் தள்ளிவிட இடம் இருக்காது.

“திட்டம் ஏன் தோற்றது” என்று கடிதத்தில் எழுதாதீர்கள். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. தோற்றதா என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதினால், கேட்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்ட ஆளாகத் தெரிவீர்கள்.

அனுப்பி இரண்டு வாரமாகிறது, பதிலே இல்லை. மறுபடி கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களோ?

பெரும்பாலும் அது மறுப்பு அல்ல, கடிதம் கோப்புக் கட்டின் அடியில் போயிருக்கும், அவ்வளவுதான். ஏழு வேலை நாள் கழித்து பி.ஏ.வைத் தொலைபேசியில் அழையுங்கள். கடிதத்தின் தேதியைச் சொல்லி, “அம்மா, கடிதம் தங்களுக்குக் கிடைத்ததா? ஐயாவின் பார்வைக்கு வைக்க என்னிடமிருந்து வேறு ஏதாவது வேண்டுமா?” என்று கேளுங்கள். “ஐயா எப்போது கிடைப்பார்” என்ற கேள்விக்கு “தெரியாது” என்பதே எளிதான பதில். நீங்களே இரண்டு நாளைச் சொல்லி எது தோது என்று கேட்டால் நாட்காட்டியைத் திறந்து பார்ப்பார்.

பி.ஏ.வின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அவரிடம் நோக்கத்தை முழுதாகச் சொல்லுங்கள். “நேரில்தான் சொல்வேன்” என்பவரை எந்த பி.ஏ.வும் உள்ளே விடமாட்டார். அப்படியே மேலே அனுப்பும்படி நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் கொடுத்துவிட்டால் அவர் வேலை குறையும், உங்கள் வேலை நடக்கும்.

கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் பதில் வராவிட்டால் வழியை மாற்றுங்கள். ஏற்கெனவே பேசிய யாராவது ஒருவரிடம், “தலைமைப் பொறியாளரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். நிதியாண்டு முடியும் மாதம், தணிக்கைக் காலம், சட்டமன்றமோ நிர்வாகக் குழுவோ கூடும் வாரம் ஆகியவற்றில் எழுதவே வேண்டாம். நேரம் கிடைத்தாலும் அன்று காலை ரத்தாகும். எந்த நாள் கிடைத்தாலும் முந்தைய நாள் மாலை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்விகளை எழுதி அனுப்பினால்தான் நேரம் தருவோம் என்கிறார்கள்.

கேள்விகளுக்குப் பதில் தலைப்புகளை அனுப்புங்கள், நான்கு போதும். மீட்டர் திட்டத்துக்கு: சோதனைப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்த விதம், மதிப்பீட்டுக் குழு பார்த்த அளவுகோல்கள், நிறுத்தும் முடிவு எட்டப்பட்ட படிகள், இனி இதுபோன்ற திட்டங்களுக்கான நடைமுறை.

பதினைந்து கேள்விகளை வரிவரியாக அனுப்பினால் அவை ஏதாவது ஒரு உதவியாளர் மேசைக்குப் போகும். எழுத்தில் பதில் தயாராகும், “பதில்தான் கொடுத்துவிட்டோமே, இனி சந்திப்பு எதற்கு” என்று ஆகிவிடும். சந்திப்பே நடந்தாலும் அவர் அந்தத் தாளைத்தான் வாசிப்பார்.

விதிப்படி கேள்விகள் கட்டாயம் என்றால், எண்ணிக்கை, தேதி, செலவு போன்ற தகவல் கேள்விகளை அனுப்பிவிடுங்கள். அவை எழுத்தில் வருவது உங்களுக்கும் நல்லது, நேர்காணல் நேரம் மிச்சமாகும். கீழே ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்: “இவற்றையொட்டி எழும் துணைக் கேள்விகளையும் நேரில் கேட்க அனுமதி வேண்டுகிறேன்.” நேரில் “இது பட்டியலில் இல்லையே” என்று யாராவது சொன்னால் அந்த வரியைக் காட்டலாம்.

உட்கார்ந்ததும் முதலில் எதைப் பேச வேண்டும்?

முதல் இரண்டு நிமிடத்தில் ஐந்து விஷயத்தைச் சொல்லி முடித்துவிட வேண்டும்: நன்றி, எவ்வளவு நேரம், எதைப் பற்றி, பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா. அதோடு ஆறாவதாக ஒன்று இருக்கிறது. பலர் அதைத் தவறவிடுகிறார்கள்: குறுக்கிட அனுமதி. “சார், உங்கள் நேரம் 40 நிமிடம்தான் என்பதால், நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் நான் குறுக்கிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக வேண்டி வரும். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே?” சிரித்துக்கொண்டே “தாராளமாக” என்பார். முன்பே கேட்டுவிட்டதால், இருபதாவது நிமிடத்தில் குறுக்கிடும்போது அது மரியாதைக் குறைவாகப் படாது. அவருடைய நேரத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்வது என்று இருவருக்கும் தெரியும்.

ரெக்கார்டரை அவர் கண்ணில் படும்படி மேசையில் வையுங்கள், குளிர்சாதனக் காற்று நேரே அடிக்கும் இடம் வேண்டாம். கைப்பேசியில் பதிவு செய்கிறீர்கள் என்றால் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். அழைப்பு வந்தால் பல கைப்பேசிகளில் பதிவு நின்றுவிடும், திரும்பிப் பார்க்கும்போது கடைசி அரை மணி நேரம் இருக்காது. இரண்டாவதாக ஒரு கருவியும் ஓடட்டும். அவர் பதிவு வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி அணைத்து, அவர் பார்க்கவே பைக்குள் போட்டுவிட்டு நோட்டை எடுங்கள்.

எதிரெதிராக உட்காருவதைவிட மேசையின் பக்கவாட்டு நாற்காலி நல்லது. ஆவணத்தை இருவரும் சேர்ந்து பார்க்க முடியும், கணினித் திரையும் கோப்புக் கட்டும் இடையில் வராது. ஆனால் அவர் காட்டும் இடத்தை மறுக்காதீர்கள்.

“இது நமக்குள்ள இருக்கட்டும்” என்று பாதியில் சொன்னால் என்ன செய்வது?

அங்கேயே நிறுத்தித் தெளிவுபடுத்துங்கள். இந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்பது ஒரு நிலை. பெயரும் பதவியும் வேண்டாம், “வாரியத்தின் மூத்த அதிகாரி ஒருவர்” என்று எழுதலாம் என்பது அடுத்தது. தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்ற சாயலே வரக்கூடாது என்பது மூன்றாவது. எழுதவே கூடாது, உங்கள் புரிதலுக்கு மட்டும் என்பது கடைசி நிலை. கூட்டங்களுக்குப் பலர் பயன்படுத்தும் சாட்டம் ஹவுஸ் விதி 1927-இல் உருவானது. சொல்லப்பட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவரையோ அவர் சார்ந்த அமைப்பையோ வெளிப்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். அது மேலே சொன்ன மூன்றாவது நிலைக்கு நெருக்கமானது.

“சார், இதை எழுதவே வேண்டாம் என்கிறீர்களா, உங்கள் பெயர் வர வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் பெயர்தான் பிரச்சினையாக இருக்கும். அந்தப் பகுதி முடிந்ததும், “இனி சொல்வதைப் பழையபடி பயன்படுத்தலாமா சார்?” என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இதைக் கேட்காமல் விட்டால், மீதி அரை மணி நேரப் பேச்சும் எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று பேர் மட்டுமே இருந்த குழுவில் “மூத்த அதிகாரி ஒருவர்” என்று எழுதினால் யார் என்று அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். குழு எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள்.

40 நிமிடம் கேட்டிருந்தேன். போய் உட்கார்ந்ததும் “15 நிமிஷத்துல முடிச்சுக்கலாமா” என்கிறார்.

இது நடக்கும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். பட்டியலில் மூன்று கேள்விகளை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். இவரைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்விகளாக அவை இருக்க வேண்டும். மீட்டர் திட்டத்தில்: நிறுத்தலாம் என்ற பேச்சு முதலில் எங்கே எழுந்தது? குழுவில் மாற்றுக் கருத்து இருந்ததா? அறிக்கையில் காரணத்தைக் குறிப்பிடாதது எப்படி நேர்ந்தது?

முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டாமல், “நிச்சயமாக சார், முக்கியமான மூன்றை இப்போது கேட்கிறேன். மீதியை அடுத்த வாரம் தொலைபேசியில் 20 நிமிடம் கேட்கலாமா?” என்று சொல்லுங்கள். பின்னணிக் கேள்விகளைத் தாண்டி நேரே முதல் கேள்விக்குப் போங்கள். பேச்சு சூடு பிடித்துவிட்டால் 15 நிமிடம் தானாகவே நீளும். ஆனால் நேரம் முடிந்ததும் அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்: “சார், 15 நிமிடம் ஆகிவிட்டது, நிறுத்திக்கொள்ளட்டுமா?” இதைச் சொன்னால் “பரவாயில்லை, கேளுங்க” என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

பேச ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. பெரியவர், எப்படிக் குறுக்கே பேசுவது?

எதை நிறுத்துகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லா விலகலும் வீண் அல்ல. மீட்டரைக் கேட்டால் பத்து வருடத்துக்கு முன் நடந்த பம்பு ஒப்பந்தத் தகராறைச் சொல்கிறார் என்றால், அவர் மனதில் இரண்டும் ஒன்றாக இருக்கிறது என்று பொருள். அதை ஓடவிடுங்கள். வாரியத்தின் வரலாறு, தண்ணீரின் அவசியம் என்று எந்த மேடையிலும் சொல்லக்கூடியதைச் சொல்கிறார் என்றால் அதுதான் நிறுத்த வேண்டிய பேச்சு. அதற்கும் முதல் மூன்று நான்கு நிமிடம் இடம் கொடுங்கள். பதவியில் இருப்பவர் அந்தத் தயார் உரையை இறக்கிவைக்காமல் வேறு எதற்கும் வரமாட்டார்.

நிறுத்துவதற்கான முதல் படி, தலையாட்டுவதையும் “ஆமாம் சார், சரி சார்” என்பதையும் நிறுத்துவது. நீங்கள் தலையாட்டும் ஒவ்வொரு முறையும் “இன்னும் சொல்லுங்கள்” என்று அவருக்குச் செய்தி போகிறது. தலையாட்டலை விட்டு, நோட்டைப் பார்த்து, பேனாவைக் கீழே வையுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

அடுத்தது, வாக்கியம் முடிந்து மூச்சு எடுக்கும் இடத்தில் நுழைவது. வாக்கியத்தின் நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள், அதுதான் அவமதிப்பாகப் படும். நுழையும்போது அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே பிடித்து அங்கிருந்து உங்கள் கேள்விக்குத் திருப்புங்கள்:

“...அந்தக் காலத்துல பைப்லைன் போடறதுன்னா ராத்திரி பகலா நின்னு போட்டோம். ஜனங்களோட நம்பிக்கைதான் நமக்குப் பெரிசு. நம்பிக்கை போச்சுன்னா திரும்ப வராது.”

“நம்பிக்கைன்னு சொன்னீங்க சார். மீட்டர் விஷயத்துல அந்த நம்பிக்கை குறையுதுன்னு முதல்ல எப்போ தெரிஞ்சது?”

“அதுவா... ஒரு பில்லு வந்துச்சு. ஒரு வீட்டுக்கு வழக்கத்தைவிட ஆறு மடங்கு.”

அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டு “நம்ம விஷயத்துக்கு வருவோம்” என்றிருந்தால் முகம் சுருங்கியிருக்கும். அவருடைய சொல்லே வழிகாட்டியதால், தாமே வந்து சேர்ந்ததாக உணர்கிறார். கிடைத்ததும் குறிப்பான ஒரு சம்பவம்.

இதற்கும் அசையாதவருக்கு, ஆரம்பத்தில் வாங்கிய அனுமதியை எடுங்கள். “சார், இங்கதான் நான் குறுக்கிட வேண்டி வருது, மன்னிக்கணும். இன்னும் 18 நிமிஷம் இருக்கு, நீங்க மட்டுமே சொல்லக்கூடிய ரெண்டு விஷயம் பாக்கி இருக்கு.” இந்த வரியை ஒரு நேர்காணலில் இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தினால் எரிச்சல் வரும்.

பேசுகிறார், ஆனால் எல்லாம் பொத்தாம்பொதுவாகவே இருக்கிறது. பிடி கொடுப்பதில்லை.

“எல்லா அம்சங்களும் பரிசீலிக்கப்பட்டு உரிய முடிவு எடுக்கப்பட்டது” என்ற வாக்கியத்தில் பரிசீலித்தவரும் இல்லை, முடிவெடுத்தவரும் இல்லை. அலுவலக மொழியின் பழக்கம் அது, எப்போதும் ஒளிக்கும் எண்ணத்தில் வருவது அல்ல. நீங்கள் ஆளையும் நாளையும் கேட்டு அதை அவிழ்க்க வேண்டும்.

“ஏன் நிறுத்தினீர்கள்” என்று கேட்டால் நியாயம் சொல்ல ஆரம்பிப்பார். “ஏன்” என்ற கேள்வி விசாரணை போல ஒலிக்கும், மேலதிகாரிகள் அதற்குப் பழகிய பதில்களை வைத்திருப்பார்கள். அதையே நடந்த வரிசையாகக் கேளுங்கள்: “நிறுத்தலாம்ங்கிற பேச்சு முதன்முதல்ல எந்தக் கூட்டத்துல வந்தது சார்?” கூடவே ஆவணத்தை அவர் பக்கம் நகர்த்துங்கள். “மார்ச் மாதக் கூட்டக் குறிப்புல ‘மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம்’னு இருக்கு. மே மாதக் குறிப்புல ‘நிறுத்தப்படுகிறது’ன்னு இருக்கு. நடுவுல ஏப்ரல்ல என்ன நடந்ததுன்னு எனக்குப் புரியலை.”

இப்படிக் கேட்டால் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதை நிரப்ப அவரால்தான் முடியும். தேதியைச் சரியாகச் சொன்னதால், பொதுப் பதில் இனி எடுபடாது என்றும் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மீட்டர் நிறுவனம் உதிரி பாகம் தரத் தாமதித்ததாகவோ, கள ஊழியர்கள் பழைய மீட்டரையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்ததால் வேலை இரட்டித்ததாகவோ அப்போதுதான் வெளியே வரும். அந்த மாதிரி விவரங்கள் எந்த அறிக்கையிலும் இருக்காது.

“நாங்க நினைச்சோம்” என்றால், “நாங்கன்னா குழுவா சார், இல்ல நிர்வாக இயக்குநரும் சேர்த்தா?” என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் வந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் நான்கைந்து நொடி பேசாமல் இருங்கள். நமக்குத்தான் அந்த மௌனம் நீளமாகத் தோன்றும். அவர் அதை நிரப்பச் சொல்லும் அடுத்த வாக்கியம், பலமுறை முதல் பதிலைவிடப் பயன் தரும்.

சங்கடமான கேள்வியை எப்போது கேட்பது? கடைசியில் கேட்டுவிட்டு எழுந்துவிடலாமா?

வேண்டாம். கடைசி நிமிடத்தில் கேட்டால் “அதைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம்” என்று எழுந்துவிடுவார், கசப்போடு பிரிய நேரிடும். 40 நிமிடத்தில் 25-ஆவது நிமிடத்தை ஒட்டிக் கேளுங்கள். அதற்குள் ஒருவரை ஒருவர் ஓரளவு பழகியிருப்பீர்கள், பதில் சொல்லவும் அவருக்கு இடம் இருக்கும், பின்னால் இலகுவான ஒன்றிரண்டு கேள்வியோடு முடிக்கவும் நேரம் இருக்கும்.

கேள்வியை உங்கள் வாயிலிருந்து வந்த குற்றச்சாட்டாக வைக்காமல், ஏற்கெனவே பொதுவெளியில் இருக்கும் ஒன்றின் மேல் வையுங்கள். “தணிக்கை அறிக்கை, மீட்டர் வாங்கிய செலவு வீணானதுன்னு சொல்லுது. குழுவுக்குள்ள அதை எப்படிப் பாத்தீங்க சார்?” அப்படி ஒரு ஆவணம் உண்மையிலேயே இருக்க வேண்டும். “பலர் சொல்கிறார்கள்” என்று இல்லாததை இருப்பதாகச் சொன்னால், “யாரு சொன்னது?” என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பதில் சொல்ல மறுத்தால் ஒரே ஒருமுறை வேறு கோணத்தில் கேளுங்கள். மறுபடியும் மறுத்தால் விட்டுவிடுங்கள். எந்தக் கேள்விக்கு மறுத்தார், எந்தச் சொற்களில் மறுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் தரவுதான்.

அவர் என்னையே கேள்வி கேட்கிறார்: “நீங்க என்ன நினைக்கிறீங்க? மத்தவங்க என்ன சொன்னாங்க?”

இரண்டும் வேறு வேறு கேள்விகள். மற்றவர்கள் சொன்னதை எந்த நிலையிலும் சொல்லாதீர்கள். “அவங்க சொன்னதை உங்ககிட்ட சொன்னா, நீங்க சொல்றதையும் வெளியில சொல்லிடுவேன்னு ஆயிடும் சார்” என்றால் எந்த அதிகாரியும் கோபிக்கமாட்டார், உங்கள் மேல் நம்பிக்கைகூட வரும்.

உங்கள் கருத்தைக் கேட்டால் முழுக்க மழுப்பாதீர்கள். ஒரே வரியில் உண்மையைச் சொல்லிவிட்டுப் பந்தைத் திருப்புங்கள்: “ஆவணத்தைப் பார்த்தவரைக்கும் செலவு மட்டும் காரணமா தெரியலை சார். அது சரியான்னு நீங்கதான் சொல்லணும்.” இரண்டு வரிக்கு மேல் போனால் நேர்காணல் தலைகீழாகிவிடும், அடுத்த பத்து நிமிடம் நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

உதவியாளர் ஒருவரும் உட்கார்ந்துகொள்கிறார். தொலைபேசி வேறு அடித்துக்கொண்டே இருக்கிறது.

உதவியாளரை வெளியே அனுப்பச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அவரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எண்ணிக்கைகளை அவரிடம் கேளுங்கள், முடிவுகளைத் தலைவரிடம் கேளுங்கள். ஒரு புள்ளிவிவரத்தைத் தேடி எடுக்க அவர் வெளியே போக நேர்ந்தால் சங்கடமான கேள்விக்கு அதுவே நேரம். ஆனால் அதற்காகவே பொய்யாக ஏதாவது கேட்டு அனுப்பாதீர்கள், புரிந்துகொள்வார்கள்.

தொலைபேசி வந்தால் பதிவை நிறுத்தி, எழுந்திருக்கும் பாவனையில் “வெளியே இருக்கட்டுமா சார்?” என்று கேளுங்கள். காதில் விழுவது உங்களுக்கானது அல்ல, எழுதக் கூடாது. பேசி முடித்ததும் அவருக்கு விட்ட இடம் மறந்திருக்கும். அதனால் அவருடைய கடைசி வாக்கியத்தை எழுதி வைத்திருந்து அதையே வாசித்துக்காட்டுங்கள். அங்கிருந்தே தொடர்வார்.

நான் வயதில் சின்னவள். “இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா” என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்.

அதை மறுத்துச் சண்டை போட வேண்டாம், ஒன்றும் தெரியாதவர் போல நடிக்கவும் வேண்டாம். நடித்தால் அடிப்படை விளக்கத்திலேயே நேரம் தீர்ந்துவிடும். துறையின் சொல்லை ஒரு கேள்வியில் சரியாகப் பயன்படுத்திவிடுங்கள். “கணக்கில் வராத தண்ணீர் அந்த ரெண்டு பகுதியில குறைஞ்சுதா சார், மீட்டர் போட்டதுக்கு அப்புறம்?” என்று கேட்டால், தயாராக வந்தவர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பாடம் அங்கேயே நின்று உரையாடல் தொடங்கும். ஒரு கேள்வி போதும். தொடர்ந்து அறிவைக் காட்டினால் அது போட்டியாக மாறும்.

“உனக்கு”, “வா போ” என்பதை நீங்கள் திருத்த முடியாது. உங்கள் பக்கத்தில் “நீங்கள்”, “சார்”, “மேடம்” என்பதைக் கடைசிவரை தளர்த்தாதீர்கள். அவர் எவ்வளவு உரிமையோடு பேசினாலும் அந்த ஒரு சீர்தான் இது பேட்டி என்பதை இருவருக்கும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

ரெக்கார்டரை அணைத்தபின் வாசல்வரை வந்துகொண்டே முக்கியமானதைச் சொல்கிறார். அதை எழுதலாமா?

கேட்டுவிட்டு எழுதலாம். அணைத்தபின் சொன்னதற்கு முன்பு கொடுத்த சம்மதம் பொருந்தாது. அங்கேயே, “சார், இப்போ சொன்னது ரொம்பப் பயனுள்ளது, குறிப்புல சேர்த்துக்கலாமா?” என்று கேளுங்கள். சரி என்றால் வெளியே வந்ததும், வண்டியில் ஏறுவதற்கு முன்பே, நினைவில் இருக்கும் சொற்களிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போனபின் எழுதினால் அவருடைய சொல் போய் உங்கள் சொல் வந்திருக்கும்.

கிளம்பும் முன் இரண்டு கேள்வி பாக்கி இருக்கக் கூடாது: “நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா சார்?”, “இன்னும் யாரைப் பார்த்தால் நல்லது?” இரண்டாவதற்கு ஒரு பெயர் கிடைத்தால், “நீங்கள் சொன்னதாகச் சொல்லலாமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கதவு அதனால் வேகமாகத் திறக்கும்.

சொன்னதையெல்லாம் பிறகு மாற்றச் சொன்னால்?

யாருக்கு எதைக் காட்டுவீர்கள் என்பதை முதல் இரண்டு நிமிடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மேற்கோளாக வரும் வாக்கியங்களை மட்டும் அனுப்பி, ஏழு நாளுக்குள் தகவல் பிழை இருந்தால் தெரிவிக்கும்படி கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. முழு எழுத்துவடிவத்தையும் அனுப்பினால் பேச்சு வழக்கைப் பார்த்து அதிர்ந்துபோய் அறிக்கை மொழியில் திருத்தி அனுப்புவார்கள். “ஆறு மடங்கு பில்லு” போய் “சில நுகர்வோர் குறைகள்” வந்திருக்கும்.

தேதி, எண், பெயர் தவறு என்றால் உடனே திருத்துங்கள். சொன்ன கருத்தையே மாற்றச் சொன்னால், எந்த வாக்கியம் என்ன சிக்கலைத் தருகிறது என்று தொலைபேசியில் கேளுங்கள். பல நேரம் ஒரு அடைமொழியை எடுத்தால் போதும், அல்லது பெயரைப் பதவியாக மாற்றினால் போதும். சந்திப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் நன்றி மின்னஞ்சல் அனுப்பி, பெயர் பயன்பாட்டில் என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்பதை அதில் ஒரு வரியாக எழுதியிருந்தால், இந்தப் பேச்சுக்கு இருவர் கையிலும் ஒரே ஆதாரம் இருக்கும். அதன் நகலை பி.ஏ.வுக்கும் அனுப்புங்கள். மீதிக் கேள்விகளுக்கான அந்த 20 நிமிடத் தொலைபேசி நேரத்தை ஒதுக்கித் தரப்போவது அவர்தான்.